ஸ்டம்ப்பில் இருந்து ஸ்டம்ப்புக்கு: கழக லோகோவும் ஜேர்சித் தையலும்

எங்கடை கழகத்துக்கு மூண்டு வரைவு வந்திருக்கு. முதலாவது, வட்டத்துக்குள்ளை பனை, கடல், சூரியன், மட்டை, பந்து, சுத்திவரப் பெயர். ரெண்டாவது, யாழ், அதின்ரை நரம்பாக மூண்டு ஸ்டம்ப். மூண்டாவது, விரிஞ்ச பனையோலை, அடியிலை பந்து. ஜேர்சி கடும் நீலம். எதை எடுக்கலாம் அக்கா?

மூன்றையும் ஒரே அகலத்தில், 8 சென்ரிமீற்றராக அச்சடித்து வெட்டி, ஒவ்வொன்றாக அந்த நீல ஜேர்சியின் இடது நெஞ்சில் குத்துங்கள். ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு ஒரு முனை ஸ்டம்ப்பில் நிற்கட்டும். வரைவுகளை இதுவரை பார்க்காத ஒருவரை மறுமுனையில் நிறுத்தி, கண்டதைத் தாளில் கீறச் சொல்லுங்கள். இடைவெளி 20.12 மீற்றர். தனியாக அளக்கவே தேவையில்லை.

அந்தத் தூரத்தில் நல்ல கண்ணும் ஏறத்தாழ 6 மில்லிமீற்றருக்குக் குறைந்த இடைவெளியைப் பிரித்துக் காணாது. 8 சென்ரிமீற்றருக்குள் அப்படிப் பதின்மூன்று துண்டுதான் அடங்கும். முதல் வரைவில் ஐந்து பொருளும் ஒரு வரி எழுத்தும் அதற்குள் முண்டியடிக்கின்றன. அவர் கீறப்போவது ஒரு வட்டம் மட்டும்தான். யாழில் வளைந்த உடல் தெரியும், மூன்று ஸ்டம்ப்பும் ஒட்டி ஒரு பட்டையாகிவிடும். ஓலையும் பந்தும் மட்டும் இரண்டு பொருளாகவே நிற்கும். என் வாக்கு மூன்றாவதுக்கு.

ஆனால் அதிலும் ஒரு திருத்தம் வேண்டும். ஓலை நுனிகள் ஆழமாகப் பிரியாவிட்டால் தூரத்தில் அது சிப்பி மாதிரித் தெரியும். இருபது கீற்றை ஏழாகக் குறையுங்கள். நுனியில் இருந்து பாதி வரை பிளவை இறக்கி, கீழே ஒரு குட்டைப் பனைமட்டைக் காம்பு வையுங்கள். திரும்பவும் அதே ஆளிடம் காட்டாதீர்கள், அவருக்கு இப்போது விடை தெரியும். புதிதாக ஒருவரைப் பிடியுங்கள்.

இவ்வளவு மினக்கெட வேணுமோ? போனிலை ஐகன் அளவுக்குச் சின்னதாக்கிப் பார்த்தால் விளங்கிடுமே.

பாதி சரி. சிறிதாக்கினால் உருவம் நிற்குமா என்பது தெரியும். ஆனால் ஐகன் அளவு போதாது. ஒன்றரைச் சென்ரிமீற்றர் ஐகனை 40 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடித்துப் பார்ப்பது, ஜேர்சி போட்டவரை இரண்டு மீற்றரில் நின்று பார்ப்பதற்குச் சமம். 20 மீற்றருக்குச் சமமாக வேண்டுமென்றால் அதே போனில் லோகோ 1.6 மில்லிமீற்றர் இருக்கவேணும். கடுகளவு! தவிர, திரை தானே வெளிச்சம் விடுகிறது. நூல் விடாது.

யாழ் வரைவிலைதான் பெரியவையளுக்கு விருப்பம். அதைத் தையலுக்கு ஏற்றமாதிரிக் காப்பாற்றேலாதோ?

காப்பாற்றலாம், ஆனால் எங்கே பிழை வருகிறது என்று தெரிந்துகொண்டு. உங்கள் வரைவில் ஸ்டம்ப் 2 மில்லிமீற்றர் தடிப்பு, இடைவெளி 3. அதைத் தைக்கலாம். பிரச்சினை பெயில்ஸ், அரை மில்லிமீற்றர்க் கோடு. சாதாரண நூலில் ஒரு சாட்டின் கோடு, அதாவது நூல் நெருக்கமாகக் குறுக்கே போய்வந்து நிரப்பும் கோடு, ஒழுங்காக அமைய 1 மில்லிமீற்றராவது வேண்டும். அதற்குக் கீழே ஊசி ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தும், துணி வெட்டுப்பட்டு ஓட்டை விழும்.

அடுத்தது, யாழைச் சுற்றிப் போட்டிருக்கும் மெல்லிய வெள்ளைக் கரை. ஜேர்சி பின்னல் துணி, இழுபடும். தையல் போன திசையில் துணி உள்ளுக்குச் சுருங்குவதால், கடைசியில் வரும் கரை நிரப்பின இடத்தை விட்டு விலகி, நடுவில் நீலம் கீற்றாகத் தெரியும். முழு வட்டமாகக் கீறின பந்து நீள்வட்டமாக வருவதும் இதே காரணத்தால்தான். வரைவைத் தையல் இயந்திரத்துக்கான கோப்பாக மாற்றி டிஜிற்றைஸ் பண்ணுபவர் ஓரங்களை மில்லிமீற்றரின் சில பங்கு கூட்டிவிட்டுச் சமாளிப்பார், ஆனால் கரையே இல்லாத வரைவு எல்லாவற்றிலும் பத்திரம். பெயில்ஸையும் கரையையும் எடுத்து, ஸ்டம்ப் மூன்றையும் 5 மில்லிமீற்றருக்குத் தடிப்பாக்கி, இடைவெளியை 7 ஆக்கினால் 20 மீற்றரில் மட்டுமட்டாகப் பிரியும். அதற்கு யாழ் அகன்றுபோகும். அந்த அகலம் பெரியவர்களுக்குப் பிடிக்குமா என்பதைக் கீறிக் காட்டித்தான் கேட்கவேணும்.

“யாழ்ப்பாணம்” எண்டு கீழை தமிழிலை போட ஆசை. எழுத்து எவ்வளவு உயரம் வேணும்?

ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு 5 மில்லிமீற்றர் போதும் என்று கடையில் சொல்வார்கள். தமிழுக்கு அந்தக் கணக்கு சரிவராது. அந்தச் சொல்லிலேயே மூன்று புள்ளி இருக்கிறது. 5 மில்லிமீற்றரில் புள்ளி ஒரு முடிச்சாகி, ‘ப்’ இல் இருந்து பிரியாது. ‘ண’வின் சுழிகளும் நூலால் அடைபடும். 8 மில்லிமீற்றருக்குக் குறைக்கவேண்டாம். புள்ளியை 1.5 மில்லிமீற்றராக்கி எழுத்தில் இருந்து சற்று மேலே தள்ளுங்கள். கரைகட்டின எழுத்துருவோ தடிப்பு மாறும் எழுத்துருவோ வேண்டாம்.

இத்தனை செய்தாலும் அது கைகொடுக்கும் தூரத்தில் வாசிப்பதற்குத்தான். மறுமுனை ஸ்டம்ப்பில் இருந்து வாசிக்க எழுத்து 3 சென்ரிமீற்றர் வேண்டும். அது முதுகில் அச்சிடும் பெயருக்கான வேலை.

அப்ப லோகோவையே 15 சென்ரிமீற்றர் ஆக்கினால் பவுண்டறியிலை நிக்கிறவனுக்கும் தெரியும்தானே?

ஆண்களின் சர்வதேசப் போட்டியில் பிட்ச் நடுவில் இருந்து பவுண்டறி குறைந்தது 59.43 மீற்றர். அங்கிருந்து கண் பிரிக்கும் எல்லை 17 மில்லிமீற்றர் அளவு. 15 சென்ரிமீற்றர் ஆக்கினாலும் ஒன்பது துண்டுகூட வராது. மெல்லிய பொலியெஸ்ரரில் அவ்வளவு பெரிய நிரப்புத்தையல் அட்டை மாதிரி விறைத்து, சுற்றிவரத் துணியைச் சுருக்கும், உள்ளே வியர்வையும் காயாது. பவுண்டறிக்கு லோகோவைத் தேடாமல் ஜேர்சியின் நிறத்தை நம்புங்கள். 8 அல்லது 9 சென்ரிமீற்றரோடு நிறுத்துங்கள்.

பந்து சிவப்பு நூல்தானே? கடும் நீலத்திலை எடுப்பாய் இருக்கும்.

பக்கத்தில் எடுப்பாக இருக்கும், தள்ளி நின்றால் மூழ்கிவிடும். கடும் சிவப்பும் கடும் நீலமும் ஏறத்தாழ ஒரே இருட்டு. நூல் கட்டைகளை ஜேர்சியில் வைத்துப் படம் எடுத்து, போனில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். இரண்டும் ஒரே சாம்பலாக வந்தால் அந்தச் சோடி வேண்டாம். ஓலை மஞ்சள், பந்து வெள்ளை என்றால் பின்னேர வெளிச்சத்திலும் நிற்கும். வெள்ளை உடுப்பில் அதே மஞ்சள் காணாமற்போகும் என்பதால் அதற்கு நீல நூலில் இன்னொரு வடிவம் வேண்டும்.

எங்கடை தொப்பியிலை தைச்சது நடுவிலை வளைஞ்சு போச்சு. அதுவும் இந்தச் சுருக்கம்தானோ?

தொப்பியின் நடுவில் தடித்த பொருத்துத்தையல் இருந்தால் ஊசி அதில் பட்டு விலகும். தையலை நடுவில் இருந்து இருபுறமும் போகும் ஒழுங்கில் மாற்றித் தரச் சொல்லுங்கள். ஜேர்சிக்குச் செய்த தையல் கோப்பை அப்படியே தொப்பிக்குக் கொடுத்திருந்தால் இதுதான் நடக்கும்.

முதல் வரைவு எங்கடை பழைய முத்திரை. அதை விட்டால் கழகமே இல்லை. நான் ஒத்துக்கொள்ளமாட்டன்.

அதை விடச் சொல்லவில்லை. சான்றிதழ், பனர், கேடயம் எல்லாவற்றிலும் முழு முத்திரை இருக்கட்டும். அதற்குள் இருக்கும் பனையில் இருந்து ஓலையை மட்டும் எடுத்து நெஞ்சில் வைக்கலாம். இரண்டு அடையாளம் வேண்டுமா என்பது உங்கள் பொதுக்கூட்டத்தின் முடிவு. நூலுக்கு அதில் பேச்சில்லை.

கடைக்குக் குடுக்கேக்கை என்ன சொல்லவேணும்?

கோட்டுப்படமாகக் கீறின கோப்பு, மில்லிமீற்றரில் அகலம், நூல் நிற எண்கள், கூடவே ஜேர்சித் துணியில் ஒரு துண்டு. தையல் இயந்திரம் வாசிக்கும் DST கோப்பில் நிறம் ஒழுங்காகப் பதியாது, அதனால் நிற எண்களைத் தாளில் எழுதிக் கொடுங்கள். துணியின் பின்பக்கம் தாங்கலுக்கு வைக்கும் பேக்கிங்கில், தைத்தபின் வெட்டி எடுக்கும் வகையைப் போடச் சொல்லுங்கள். கிழித்து எடுக்கும் வகை பின்னல் துணியைத் தாங்காது. முதலில் மாதிரி ஒன்றை அதே துணியில் தைத்து வாங்கி, மூன்றுதரம் தோய்த்துக் காயவிட்டு, ஓரம் சுருங்கியிருக்கிறதா பாருங்கள். பிறகு அதை ஸ்டம்ப்புக்குக் கொண்டுபோங்கள். அச்சுத்தாள் தேறினாலும் நூல் தேறாமற்போகலாம்.