காலண்டரில் தினசரி அலாரம்: கேள்வி பதில்

கே: அம்மாவுக்குக் காலை 8, மதியம் 2, இரவு 8 என மூன்று வேளை மாத்திரை. ஒரே நிகழ்வில் மூன்று அலாரம் போடலாமா?

போடலாம், ஆனால் போடாதீர்கள். பொதுவாகக் காலண்டர் அலாரத்துக்கு மணி தெரியாது. நிகழ்வு தொடங்க எவ்வளவு நேரம் முன்பு என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். இரவு 8-க்கு ஒரு நிகழ்வு வைத்து, 12 மணி நேரம் முன்பு, 6 மணி நேரம் முன்பு, தொடங்கும்போது என்று மூன்று அலாரம் கொடுத்தால் காலை 8-க்கும் மதியம் 2-க்கும் சரியாகவே ஒலிக்கும். திரையில் மட்டும் மூன்று முறையும் "இரவு 8" என்றுதான் இருக்கும். அம்மா அதைப் பார்த்துவிட்டு "இன்னும் நேரம் இருக்கிறதே" என்று போனைக் கீழே வைத்துவிடுவார்.

மூன்று தனி நிகழ்வுகள் போடுங்கள். தலைப்பில் "காலை மாத்திரை, வெள்ளை 1" என்று செய்ய வேண்டியதையே எழுதுங்கள். ஒவ்வொன்றையும் 5 நிமிட நிகழ்வாக வையுங்கள், `Daily` என்று திரும்ப வரச் செய்யுங்கள், அலாரத்தைத் தொடங்கும் நேரத்துக்கே வையுங்கள். 5 நாள் மருந்து என்றால் முடிவில் 5 முறை என்று கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் மருந்து தீர்ந்த பிறகும் ஒலிக்கும். அப்புறம் அதைப் பார்க்காமலே தள்ளிவிடும் பழக்கம் வந்துவிடும், அடுத்த மருந்தின் அலாரமும் அதோடு போய்விடும்.

கடைசியாக ஒன்று: 5 நிமிடம் கழித்து ஒலிக்கும்படி ஒரு சோதனை நிகழ்வு போட்டு, திரையை அணைத்து மேசையில் வைத்துவிட்டுக் காத்திருங்கள்.

கே: நான் போட்டது ஒலிக்கவே இல்லை. போன் பழுதா?

சோதனை செய்தீர்களா? சத்தம் அணைந்திருக்கலாம், தொந்தரவு செய்யாதே நிலையில் இருக்கலாம், பேட்டரியை மிச்சப்படுத்தப் போனே காலண்டரைத் தூங்க வைத்திருக்கலாம். இன்னொன்று, காலண்டர் ஒலி ஒரு சிணுங்கல்தான். அணைக்கும்வரை அலறுவது கடிகார அலாரம். தூக்கத்திலிருந்து எழுப்ப வேண்டுமென்றால் கடிகாரத்துக்கே போங்கள்.

கே: இரவு 8-ஐ 9 ஆக்கினேன். போன வாரம் வந்தவையும் 9 ஆகிவிட்டன.

மாற்றும்போது ஒரு கேள்வி வந்திருக்கும், `All events` என்று அழுத்தியிருப்பீர்கள். `This and following events` என்பதைத் தேர்ந்தெடுத்தால் பழையவை அப்படியே இருக்கும், இன்று முதல் புதிய தொடர் கிளம்பும். இரண்டும் இனி தனித்தனித் தொடர்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கே: வெளிநாடு போயிருந்தேன். இரவு 8 மாத்திரை 11-க்கு ஒலித்தது. செயலி தப்பு.

செயலி தப்பு செய்யவில்லை. நிகழ்வு உங்கள் ஊர் நேரத்தோடு கட்டப்பட்டிருந்தது. கிழக்கே 3 மணி நேரம் தள்ளிப் போனால் அது அங்கே 11 மணிதான். போகுமிடமெல்லாம் உள்ளூர் 8-க்கே ஒலிக்க வேண்டுமென்றால் நேரத்தோடு எந்த ஊரையும் கட்டக்கூடாது. காலண்டர் நிகழ்வைச் சேமிக்கும் `.ics` கோப்பில் அந்தப் பகுதி இப்படி இருக்கும்:

```
DTSTART:20250106T200000
RRULE:FREQ=DAILY
BEGIN:VALARM
ACTION:DISPLAY
DESCRIPTION:இரவு மாத்திரை
TRIGGER:PT0S
END:VALARM
```

நேரத்தின் கடைசியில் உலகப் பொது நேரத்தைக் குறிக்கும் `Z` இல்லை, முன்னால் எந்த ஊர் நேரம் என்று சொல்லும் `TZID` இல்லை. அதுதான் மிதக்கும் நேரம். மேக் காலண்டரில் நேர மண்டலப் பட்டியலிலேயே `Floating` உண்டு. கூகுள் காலண்டரில் அந்த வசதி இல்லை.

கே: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 11-க்கு ஒலித்ததுதான் சரி. 12 மணி நேர இடைவெளி மருந்துக்கு உடம்புதான் கடிகாரம்.

பாதி ஒத்துக்கொள்கிறேன். இடைவெளி முக்கியமான மருந்துக்கு உங்கள் கணக்கு சரி. "சாப்பிட்ட பிறகு" என்று எழுதிய மருந்துக்கு உள்ளூர் இரவுதானே வேண்டும்?

கே: இரண்டு நாள் பயணத்துக்கு யார் இவ்வளவு பார்ப்பார்கள்? ஒரு மாதம் தங்கினால் எப்படியும் உள்ளூர் நேரத்துக்கு மாறத்தான் வேண்டும். மிதக்க விடுவதே மேல்.

மாறும் நாளில் ஒரு வேளை 9 மணி நேரத்திலேயே வந்துவிடும். அதை விழுங்கலாமா என்று காலண்டர் சொல்லாது, நானும் சொல்ல மாட்டேன். மருத்துவரிடம் கேளுங்கள்.

கே: அப்படியானால் இடைவெளிக்காரர்கள் ஊரோடு கட்டி, சாப்பாட்டுக்காரர்கள் மிதக்க விட வேண்டும், சரியா?

அப்படித்தான் நான் வைத்திருக்கிறேன். மேலே சண்டை போட்ட இருவரும் ஒத்துக்கொள்வார்களா தெரியவில்லை.

கே: மாதம் 31-ஆம் தேதி நினைவூட்டல் பிப்ரவரியில் வரவில்லையே?

31 இல்லாத மாதங்களைத் தாண்டிப் போவதே விதி. மாதத்தின் கடைசி நாள் என்று கேட்க வேண்டுமென்றால் `.ics` கோப்பில் `RRULE:FREQ=MONTHLY;BYMONTHDAY=-1`.

கே: எனக்கும் ஒலிக்கவில்லை, என்ன செய்ய?

இரண்டாவது பதில். சோதனை நிகழ்வு, 5 நிமிடம், திரை அணைத்து.