பட்டன் போனுக்கு யுஎஸ்எஸ்டியா, எஸ்எம்எஸ்ஸா?

"எங்க மீனவர் சங்கத்துல பாதிப் பேர் பட்டன் போன்தான். காற்று எச்சரிக்கை அனுப்ப *99# மாதிரி ஒரு மெனு வைக்கலாமா, இல்ல எஸ்எம்எஸ் போதுமா?"

எச்சரிக்கைக்கு எஸ்எம்எஸ்தான். *99# மாதிரி மெனு வரும் யுஎஸ்எஸ்டி என்பது போன் அழைப்பு மாதிரி அந்த நேரத்து இணைப்பு: ஆள் எண்ணை அழுத்தினால்தான் மெனு வரும், நடுவில் சிக்னல் போனால் மறுபடி முதலிலிருந்து. எஸ்எம்எஸ்ஸோ, போன் அணைந்திருந்தாலும் நிறுவனத்தின் சர்வரில் கொஞ்ச காலம் காத்திருந்து, போட்டதும் வந்துவிடும். தவிர, *99# பல நெட்வொர்க்கிலும் வேலை செய்வது வங்கிச் சேவைக்காகப் பல நிறுவனங்கள் சேர்ந்து செய்த ஏற்பாடு; ஒரு சங்கம் அப்படி எண் வாங்க ஒவ்வொரு நிறுவனத்திடமும் தனித்தனியாகப் பேச வேண்டும். விட்டுவிடுங்கள்.

ஆனால் தமிழில் அனுப்பினால் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 இல்லை, 70 இடம்தான். புள்ளியும் காலும் கொம்பும் தனித்தனி இடம் பிடிக்கும். "நாளை கடலுக்குப் போக வேண்டாம்" கண்ணுக்கு 14 எழுத்து, 3 இடைவெளி, கணக்கில் 28. எழுபதைத் தாண்டினால் இரண்டு எஸ்எம்எஸ் காசு, அதிலும் ஒவ்வொன்றிலும் 67தான்.

மொத்தமாக அனுப்ப, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி டி.எல்.டி. என்ற பதிவுத் தளத்தில் அனுப்புநர் பெயரும் வாசக மாதிரியும் பதிய வேண்டும். மாறும் இடத்தில் அந்தத் தளம் சொல்லும் குறியைப் போடுங்கள், பதிந்ததிலிருந்து ஒரு சொல் மாறினாலும் செய்தி போகாமல் நின்றுவிடலாம். அதனால் புயல் காலத்துக்கு முன்பே பதிந்து, பழைய போன் பத்தில் அனுப்பிப் பாருங்கள். சிலதில் தமிழ் கட்டம் கட்டமாக வரும், அவர்களுக்கு மட்டும் குரல் அழைப்பு.