கல்லில் 120, வேதாகமத்தில் 121

அன்புள்ள ஐயா,

கொடைக்கானலின் பழைய கல்லறைகளைப் பற்றிச் சிறு நூல் ஒன்று எழுதுகிறேன். ஒரு பிரெஞ்சுப் பாதிரியாரின் கல்லறையில் லத்தீனில் ஒரு வரி. அதன் கீழே ரோமன் எண்ணில் ‘சங்கீதம் 120’. மலைகளைப் பற்றிய அந்த வரி எங்கள் வீட்டு வேதாகமத்தில் 121இல் இருக்கிறது. கல் வெட்டியவர் தவறிவிட்டாரா? அடிக்குறிப்பில் திருத்திப் போடலாமா? இதே சங்கீதம் நூலில் பல இடங்களில் வருகிறது. ‘மேலது’ என்று போட்டுக்கொண்டே போகலாமா?

வாசகி,
நாயுடுபுரம், கொடைக்கானல்

*

அன்புள்ள அம்மா,

திருத்திவிடாதீர்கள். கல் சரியாகத்தான் இருக்கிறது.

அந்தப் பாதிரியார் கையில் இருந்தது வுல்காத்தா என்னும் லத்தீன் வேதாகமம். அதன் சங்கீத எண்கள் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பின் வழியில் வந்தவை. எபிரேயத்தில் 9, 10 என்று தனித்தனியாக நிற்கும் இரண்டு சங்கீதங்களைக் கிரேக்கம் ஒன்றாக எண்ணியது. அங்கிருந்து ஒரு எண் பின்தங்கிவிடுகிறது. 114 முதல் 116 வரையிலும் 147இலும் சேர்ப்பும் பிரிப்பும் உண்டு. கடைசி மூன்று சங்கீதங்களில் இரண்டு எண்ணும் ஒன்றாகிவிடும். நடுவில் பெரும்பாலும் ஒன்று குறைவுதான். உங்கள் வீட்டில் இருப்பது எபிரேய எண்ணில் செல்லும் பதிப்பு.

பல வருடங்களுக்கு முன் ஒரு நூலுக்கு மெய்ப்புப் பார்த்தபோது, இதே போன்ற எண்ணை நான் ‘திருத்தி’ அச்சுக்கு அனுப்பிவிட்டேன். மூலக் கடிதத்தோடு ஒப்பிட்ட ஒருவர் பிறகு சுட்டிக்காட்டினார். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. அதிலிருந்து எண்ணை நம்பாமல் முதல் சொற்களைத்தான் பார்க்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். கல்லில் ‘லெவாவி ஓகுலோஸ்’ என்று தொடங்கினால் அது உங்கள் 121. உங்கள் வேதாகமத்தின் 120ஐத் திறந்தால் ‘என் நெருக்கத்திலே கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டேன்’ என்று வரும். அதில் மலையே இல்லை.

வசன எண்ணும் நகரும். ‘தேவனே, உமது கிருபையின்படி எனக்கு இரங்கும்’ என்பது உங்களுக்கு 51:1. வுல்காத்தாவில் 50:3. அந்தச் சங்கீதத்தின் நீண்ட தலைப்பை அங்கே முதல் இரண்டு வசனங்களாக எண்ணியிருக்கிறார்கள். கல்லறைகளில் இந்த வரியும் கண்ணில் படக்கூடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, எந்த மொழிபெயர்ப்பு என்பது. இந்த ஒரு வரியிலேயே அது பெரிய விஷயம். ஹென்றி பவர் என்பவரின் தலைமையில் 1871இல் வந்த மொழிபெயர்ப்பில், ‘எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்.’ உதவி மலையிலிருந்து வருகிறது. 1995இன் திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பிலோ, ‘மலைகளை நோக்கி என் கண்களை உயர்த்துகின்றேன்! எங்கிருந்து எனக்கு உதவி வரும்?’ இங்கே அது கேள்வி. பதில் அடுத்த வசனத்தில் ஆண்டவரிடமிருந்து வருகிறது. எபிரேயச் சொல் கேள்விச் சொல்தான். லத்தீன் வரியை இரண்டு விதமாகவும் படிக்கலாம். ‘இந்த மலையே தனக்குத் துணை என்று பாதிரியார் நினைத்தார்’ என்று நீங்கள் எழுதினால், அந்த வாக்கியம் பவரின் தமிழில்தான் நிற்கிறது. வாசகருக்கு அது தெரிய வேண்டும்.

ஆகவே முதல் அடிக்குறிப்பைக் கொஞ்சம் தாராளமாகவே எழுதுங்கள். இப்படி இருக்கலாம்:

‘சங்கீதம் 120:1 (கல்லில் உள்ளபடி வுல்காத்தா எண், எபிரேய எண் 121:1). தமிழ் வரி: திருவிவிலியம், பொது மொழிபெயர்ப்பு, 1995. வேறு குறிப்பு இல்லாத இடங்களில் இதே மொழிபெயர்ப்பும் எபிரேய எண்ணும் பின்பற்றப்படுகின்றன.’

பக்க எண் வேண்டாம். பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும். அதிகாரமும் வசனமும்தான் முகவரி. திருவிவிலியத்தில் நூலின் பெயர் ‘திருப்பாடல்கள்’. நீங்கள் ‘சங்கீதம்’ என்று தொடங்கினால் கடைசிவரை அதையே வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் ‘திபா’ என்று சுருக்கினால் வேறு நூலோ என்று தோன்றும்.

இந்த முதல் குறிப்புக்கு அப்புறம் அடிக்குறிப்பே வேண்டியதில்லை. மேற்கோளை அடுத்து அடைப்புக்குறிக்குள் (சங். 121:1) என்று உரையிலேயே போட்டுவிடலாம். ஓர் இடத்தில் மட்டும் பவரை எடுத்தால் (சங். 121:1, பவர்) என்று சேர்த்தால் போதும்.

‘மேலது’ இங்கே வேண்டாம். அது எழுத்தில் குறையுமே தவிர உதவாது. 14ஆம் குறிப்பு சங்கீதம், 15ஆம் குறிப்பு மேலது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் நடுவில் கல்லறைப் பதிவேட்டுக்கு ஒரு குறிப்பைச் செருகுகிறீர்கள். இப்போது அந்த ‘மேலது’ பதிவேட்டைக் காட்டும். மென்பொருள் எண்களை வரிசைப்படுத்திக் கொடுக்கும். இந்தத் தவறு அதன் கண்ணில் படாது. ‘சங். 121:1’ என்று எழுதினால் எந்தக் குறிப்பு எங்கே நகர்ந்தாலும் அது தன் இடத்தைத் தானே சொல்லும்.

கல்லறை வாசகத்தை நூலில் தரும்போது ரோமன் எண்ணையும் கல்லில் உள்ளபடியே அச்சிடுங்கள்.

அன்புடன்.