பணம் திருப்பித் தர மறுக்கும் கடிதத்தை மாற்றி எழுதுவது

“இணையத்தில் சேலை விற்கிறேன். ஃபால்ஸ் தைத்த பிறகு, நிறம் தனக்குப் பொருந்தவில்லை என்று ஒருவர் பணத்தைத் திரும்பக் கேட்டார். ‘எங்கள் விதிப்படி பணம் தர இயலாது’ என்று எழுதினேன், கோபித்துக்கொண்டார். எப்படி எழுதியிருக்க வேண்டும்?”

உங்கள் வரியில் விதி இருக்கிறது. அவர் சொன்ன நிறமும் இல்லை, விதிக்கான காரணமும் இல்லை. நான் இப்படி எழுதுவேன்:

“வணக்கம் அம்மா. சேலையின் நிறம் உங்களுக்குப் பொருந்தவில்லை என்பதை அறிந்து வருந்துகிறோம். ஃபால்ஸ் தைத்த சேலையைப் புதியதாக வேறொருவருக்கு விற்க முடியாது என்பதால், இதற்குப் பணத்தைத் திருப்பித் தர இயலவில்லை. நெசவில் குறையோ, படத்திலிருந்து மாறுபாடோ தெரிந்தால் ஒளிப்படம் அனுப்புங்கள். அதைத் தனியாகப் பார்த்து, இரண்டு நாளில் பதில் சொல்கிறோம்.”

மறுப்பை ஒரே வாக்கியத்தில், காரணத்தை முன்வைத்துச் சொல்வது நல்லது. ‘பரிசீலிக்கிறோம்’ என்று மழுப்பினால் அவர் காத்திருந்து மீண்டும் கேட்பார். அப்போது வரும் கோபம் நியாயமானது.

கடைசி வரி வெறும் மரியாதைக்கானதல்ல. இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, பொருள் குறைபாடுடையதாகவோ விளம்பரத்தில் காட்டியதிலிருந்து வேறுபட்டதாகவோ இருந்தால், விற்பவர் அதைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. ஆகவே அனுப்புமுன் உங்கள் படத்தையும் சேலையையும் பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். மயில் கழுத்துப் பச்சை படத்தில் நீலமாகத் தெரிந்தால், திருத்த வேண்டியது கடிதத்தை அல்ல, முடிவை.