சுற்றறிக்கையில் கிரிக்கெட் எவ்வளவு போடலாம்?

"மதுரையில் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வேலை. வசூல் சுற்றறிக்கையை நான்தான் எழுதுகிறேன். 'பவர்பிளே முடிந்தது, இனி டாட் பால் கூடாது, டெத் ஓவரில் ரன் ரேட்டை ஏற்றுங்கள்' என்று எழுதினால் பாதிப் பேர் ரசிக்கிறார்கள், மீதிப் பேர் என்ன செய்யணும் என்று கேட்டு வருகிறார்கள். விட்டுவிடவா? ஜல்லிக்கட்டு என்று மாற்றினால் நம்ம ஊரில் எல்லோருக்கும் புரியும்தானே?"

விட வேண்டாம். உங்கள் மூன்று தொடர்களிலும் உள்ள கிரிக்கெட் சொற்களை அடித்துப் பாருங்கள். என்ன மிஞ்சுகிறது? யார், எதை, எந்தத் தேதிக்குள் என்பது எங்குமே இல்லை. ஆட்டம் தெரிந்தவர் அதை ஊகித்துக்கொள்கிறார், தெரியாதவர் உங்கள் மேசைக்கு வருகிறார்.

ஆட்டம் தெரிந்தவருக்கும் 'டாட் பால்' வழுக்கும். ரன் வராத பந்து மட்டை பிடிப்பவருக்கு இழப்பு, பந்து போடுபவருக்கு லாபம். உங்கள் ஊழியர் எந்தப் பக்கம் ஆடுகிறார் என்பதை நீங்கள் சொல்லவே இல்லை. 'பவர்பிளே' நல்ல தேர்வுதான்: இருபது ஓவர் ஆட்டத்தில் முதல் ஆறு ஓவருக்கு வெளிவட்டத்தில் இரண்டே பேர்தான் நிற்கலாம், அதனால் பவுண்டரி கொஞ்சம் சுலபம். சம்பளத் தேதியை ஒட்டித் தானாக வரும் வசூலைச் சொல்கிறீர்கள், சரி. ஆனால் அந்த விதி தெரியாதவருக்கு அது வெறும் சத்தம்.

வேலையை முதலில் சொல்லுங்கள், ஆட்டம் பின்னால் வரட்டும், அதன் விதியையும் கூட்டிக்கொண்டு. இப்படி:

"சம்பளத்தை ஒட்டித் தானாக வரும் வசூல் முடிந்தது. 25ஆம் தேதி வரை தினம் நான்கு பேர் வீதம், தவணை தவறியவர்களை நேரில் பாருங்கள். பணம் வராவிட்டால், கட்டும் தேதியை எழுதி வாங்குங்கள். ரன் வராத பந்துபோல ஒரு நாளும் வீணாகப் போக வேண்டாம்."

கடைசி வரியைக் கிரிக்கெட் பார்க்காதவர் தாண்டிப் போனாலும் வேலை கெடாது. அனுப்புமுன் அப்படிப்பட்ட ஒருவரிடம் கொடுத்து, "நாளைக் காலையில் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "புரியுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள்.

ஜல்லிக்கட்டு இதைவிடச் சிக்கல். அவனியாபுரமும் அலங்காநல்லூரும் பக்கத்தில் இருப்பதால் சொல் எல்லோருக்கும் தெரியும், வாஸ்தவம். ஆனால் திமிலை ஒரு நேரத்தில் ஒருவர்தான் பிடிக்கலாம், பலர் சேர்ந்து தொங்கினால் பரிசு கிடையாது. 'எல்லோரும் சேர்ந்து காளையை அடக்குவோம்' என்று எழுதினால் விதி தெரிந்தவர் சிரிப்பார். அப்புறம், வசூல் சுற்றறிக்கையில் அந்தக் காளை யார்? கடன் வாங்கிய உறுப்பினர்தான். அந்தத் தாள் அவர் கண்ணில் பட்டால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.