7.46-ஆ, 7.50-ஆ? பட்டியலைச் சரிபார்க்கும் வழி

"அண்ணா பல்கலை கிரேடு ஷீட்டை போட்டோவிலிருந்து எக்செல்லில் ஏற்றினேன். இரண்டு செமஸ்டர் GPA 8.00, 7.00. சராசரி 7.50 வருது, ஆனா CGPA 7.46-னு இருக்கு. தப்பா?"

தப்பில்லை. செமஸ்டர்களின் சராசரியை அப்படியே எடுக்கக் கூடாது, கிரெடிட்டால் பெருக்க வேண்டும். முதல் செமஸ்டரில் 22 கிரெடிட், இரண்டாவதில் 26 என்றால் 176 + 182 = 358. அதை 48-ஆல் வகுத்தால் 7.46.

அட்டவணையில் ஒரு பாடத்துக்கு ஒரு வரி வையுங்கள்: செமஸ்டர், பாடக் குறியீடு, கிரேடு, கிரெடிட் (D), கிரேடுப் புள்ளி (E). O-வுக்கு 10, A+ 9, A 8, இப்படியே இறங்கும். RA வாங்கிய பாடத்தின் கிரெடிட்டையும் சேர்க்காதீர்கள். ஒரு செமஸ்டரின் பாடங்கள் 2 முதல் 9 வரையிலான வரிகளில் இருந்தால், அதன் GPA-வுக்கு:

```
=SUMPRODUCT(D2:D9,E2:E9)/SUM(D2:D9)
```

அப்புறம் ஒவ்வொரு செமஸ்டரையும் அச்சிட்ட GPA-வோடு தனித்தனியாக ஒப்பிடுங்கள். போட்டோவில் அடிக்கடி தொலைவது A+-இல் உள்ள கூட்டல் குறிதான். முதல் செமஸ்டர் 8.00-க்குப் பதில் 7.86 காட்டினால், வித்தியாசம் 0.14-ஐ 22-ஆல் பெருக்குங்கள். கிட்டத்தட்ட 3 வரும். அநேகமாக ஒரு 3 கிரெடிட் பாடத்தில் கிரேடு ஒரு படி குறைந்திருக்கிறது. அந்த வரிகளை மட்டும் போட்டோவில் பெரிதாக்கிப் பார்த்தால் போதும்.