மொட்டை மாடி ஷீட் கூரைக்கு எர்த் தேவையா?

கேள்வி: மாடியில் இரும்புக் குழாய் நட்டு ஷீட் போட்டிருக்கிறோம். இது இடியை இழுக்குமா? எர்த் கொடுக்க வேண்டுமா?

இழுக்காது. மின்னலுக்கு உலோகத்தைவிட உயரமும் தனித்து நிற்பதுமே முக்கியம். ஆனால் எர்த் அவசியம் கொடுங்கள். மின்னலைவிட அடிக்கடி நேரும் ஆபத்து வேறு: ஃபேன் வயர் ஷீட் விளிம்பில் உரசித் தோல் கிழிந்தால் கூரை முழுவதும் 230 வோல்ட் ஏறி நிற்கும். குழாய்கள் கான்கிரீட்டில் நிற்பதை எர்த் என்று நம்பாதீர்கள்.

ஷீட்டில் பெயிண்ட், திருகுக்கு அடியில் ரப்பர் வாஷர். அதனால் ஷீட்டுக்கும் சட்டத்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்பது சந்தேகமே. ஓரத்தில் பெயிண்டைச் சுரண்டி மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். தொடர்பு இல்லாத ஷீட்டைப் போல்ட், ஜி.ஐ. கம்பியால் சட்டத்தோடு இணைக்கவும்.

பிறகு எதிரெதிர் மூலைகளிலிருந்து 25×3 மி.மீ. ஜி.ஐ. பட்டை இரண்டை, வளைவின்றி நேராகக் கீழே இறக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனி எர்த் குழாயில் சேர்க்கவும். இவற்றை வீட்டு எர்த்தோடும் இணைத்தே ஆக வேண்டும். பலர் வேண்டுமென்றே பிரித்து வைக்கிறார்கள், அது தவறு. மின்னல் விழும் நொடியில் இரண்டு எர்த்துக்கும் இடையே பெரும் மின்னழுத்த வேறுபாடு உண்டாகி, மின்பொறி வீட்டு வயரிங்குக்குத் தாவும். மெயின் போர்டில், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும், திடீர் மின்னழுத்த உயர்வைத் தணிக்கும் சர்ஜ் தடுப்பானும் இருக்கட்டும்.

அரை மி.மீ. ஷீட்டை மின்னல் துளைத்துவிடக்கூடும். அதனால் கூரையை ஒட்டி வைக்கோல் அடுக்காதீர்கள்.